வீதிப் பெயர் இல்லாத வீட்டுக்கு வழிப்படம்: கோட்டுப்படமா, பகுதிப்படமா, திருப்பப் பட்டியலா?

"எங்கட ஒழுங்கைக்குப் பெயரும் இல்லை, வீட்டுக்கு இலக்கமும் இல்லை. குடிபூரலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆட்கள் வருகினம். லொக்கேஷன் அனுப்பினால் போதுமா, அல்லது படம் கீறிக் கொடுக்கவா? கீறுவதென்றால் எப்படிக் கீறுவது?" உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவுப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டிய பலர் இதையே கேட்கிறார்கள். திருகோணமலையின் வடக்குப் பக்கத்தில் நான்கு வருடம் பார்சல் கொடுக்கும் வேலை செய்தேன். பிறர் கீறிய வழிப்படங்களை நம்பி நூற்றுக்கணக்கான ஒழுங்கைகளுக்குள் போயிருக்கிறேன். எந்தப் படம் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டது, எது பாதியில் கைவிட்டது என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலாவது, வருகிறவர் எந்தத் திசையிலிருந்து வருவார் என்பது உறுதியாகத் தெரியுமா? யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக வரும் வான் அனுராதபுரச் சந்தியால் நகரத்துக்குள் நுழைந்து, பிறகு வடக்கே நிலாவெளி வீதியில் ஏறும். அதே யாழ்ப்பாணத்து வான் முல்லைத்தீவு, புல்மோட்டை, குச்சவெளி வழியாகவும் வரலாம். அப்படி வந்தால் அது வடக்கிலிருந்து உங்கள் வீட்டை நெருங்கும். ஒரே வீடுதான், ஆனால் இடம் வலமாகிவிடும்.

இரண்டாவது, ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் அந்தப் படத்தைக் கொண்டே திரும்பி வர முடியுமா? நல்ல வழிப்படத்துக்கும் கெட்ட வழிப்படத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் அதிகமாகத் தெரியும். எல்லாம் சரியாக நடக்கும்போது எந்தப் படமும் வேலை செய்யும்.

மூன்றாவது, படத்தைக் கையில் வைத்திருக்கப் போவது யார்? வானை ஓட்டுபவரா, பக்கத்தில் இருப்பவரா, ஓட்டோக்கார அண்ணனிடம் காட்டப்போகும் வயதான அம்மாவா? எங்கள் ஊரில் ஓட்டோ ஓட்டுபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று நிச்சயமில்லை. இலக்கமும் சின்னமும் எல்லோருக்கும் புரியும்.

நான்காவது, எவ்வளவு காலத்துக்கு அந்தப் படம் தேவை? ஒரு நாள் விசேஷத்துக்கு என்றால் பந்தல் வாழைமரத்தையும் அடையாளமாகச் சொல்லலாம். மாதாமாதம் காஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு என்றால் அது உதவாது.

## திருப்பப் பட்டியல்: எழுதச் சுலபம், உடையவும் சுலபம்

படமே கீறாமல், "கல்லறையிலிருந்து 700 மீற்றர், இடப்பக்கம், பிறகு 180 மீற்றர், வலப்பக்கம்" என்று வரிசையாக எழுதுவது பெரும்பாலானோர் முதலில் செய்வது. தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் எழுதி அனுப்பலாம், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வாசிக்கலாம். கண்ணை வீதியிலிருந்து எடுக்கத் தேவையில்லை. இரவில் இது பெரிய வசதி.

ஆனால் பட்டியலின் ஒவ்வொரு வரியும் முந்தின வரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வரியில் பிழைத்தால் நான்காவது, ஐந்தாவது எல்லாம் பொய்யாகிவிடும். எந்த வரியில் பிழைத்தது என்பதும் தெரியாது. எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. நான் எழுதிக் கொடுத்த பட்டியலோடு சின்னம்மா குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. வவுனியா வழியாக வருவார்கள் என்று நினைத்து எழுதியிருந்தேன். அவர்கள் புல்மோட்டைப் பக்கத்தால் வந்தார்கள். நான் எழுதிய சின்னப் பிள்ளையார் கோயிலைக் கண்டதும், எழுதியபடியே இடப்பக்கம் திரும்பினார்கள். வடக்கிலிருந்து வருபவருக்கு அந்த இடத்தில் இடப்பக்கம் கடல். வான் கடற்கரை மணலில் புதைந்து, நான்கு பேர் தள்ளித்தான் வெளியே எடுத்தோம். "தம்பி, நீ எழுதினது இடப்பக்கம் எண்டுதானே? நாங்கள் இடப்பக்கம்தானே திரும்பினனாங்கள்?" என்று சின்னம்மா கேட்டா. அவ கேட்டது நூறு வீதம் நியாயம்.

நிலாவெளி வீதியில் இதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது. இடம், வலம் என்பதற்குப் பதிலாகக் 'கடல் பக்கம்', 'கடலுக்கு எதிர்ப்பக்கம்' என்று எழுதுங்கள். அந்த வீதி நெடுகக் கடல் கிழக்கில்தான் இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அது மாறாது. ஆனால் நகரத்துக்குள் இதைச் செய்யாதீர்கள். அங்கே ஒரு பக்கம் உள்துறைமுகம், மறு பக்கம் கடல். 'கடல் பக்கம்' என்று கேட்டால் ஊருக்குப் புதியவர் எந்தப் பக்கமும் திரும்புவார்.

பட்டியல் நல்லது எப்போது? திருப்பம் இரண்டுக்கு மேல் இல்லாதபோது, வருகிற திசை உறுதியாகத் தெரிந்தபோது.

## பகுதிப்படம்: வடக்கு மேலே, எல்லா ஒழுங்கையும்

இது பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்விப் பாடத்தில் கீறிய படம் மாதிரி. பிரதான வீதி, பக்கத்து ஒழுங்கைகள், கோயில், கிணறு, உங்கள் வீடு எல்லாவற்றையும் ஓரளவு அளவுத்திட்டத்துக்குக் கீறுவது. இதன் பெரிய பலம், தவறவிட்டவர் தானே மீண்டு வரலாம் என்பது. அடுத்த ஒழுங்கைக்குள் நுழைந்துவிட்டாலும், "சரி, இந்தக் குறுக்கு ஒழுங்கையால் போனால் கிணற்றடிக்கு வரும்" என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இது செல்லும்.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, அளவுத்திட்டம். நகர பஸ் நிலையத்திலிருந்து அலஸ்தோட்டம்வரை பல கிலோமீற்றர். கடைசி ஒழுங்கை 60 மீற்றர். இரண்டையும் ஒரே தாளில் ஒரே அளவுத்திட்டத்தில் கீறினால் கடைசி ஒழுங்கை பேனா முனையளவுதான் வரும். வழி தவறுவது அந்த 60 மீற்றரில்தான், ஆனால் தாள் முழுவதையும் நேரான பெருவீதி தின்றுவிடும்.

மற்றது, படத்தைத் திருப்புவது. வடக்கிலிருந்து தெற்கே வருபவர் வடக்கு மேலே உள்ள படத்தைத் தலைகீழாகப் பிடித்தால்தான் இடமும் வலமும் ஒத்துவரும். தாளென்றால் திருப்பிவிடலாம். இப்போது எல்லோரும் படத்தைப் புகைப்படமெடுத்து வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். தொலைபேசியைத் திருப்பினால் படமும் கூடவே சுழன்றுவிடலாம். திரை சுழலும் வசதியை நிறுத்தினால் சரியாகும், ஆனால் ஓடுகிற வானுக்குள் அதை யாருக்கும் நினைவு வராது. பகுதிப்படம் அனுப்பினால், "பார்க்கும்போது திரை சுழல்வதை நிறுத்துங்கோ" என்று ஒரு வரி கூடவே அனுப்புங்கள்.

## கோட்டுப்படம்: கீழே தொடங்கி மேலே முடிவது

தாளின் கீழ்ப்பக்கம் புறப்படும் இடம், மேல்பக்கம் வீடு. வருபவர் போகிற திசை எப்போதும் மேலே. வீதியின் சின்ன வளைவுகளையெல்லாம் நிமிர்த்தி ஒரே கோடாக்கிவிட வேண்டும். அவர் முடிவெடுக்க வேண்டிய திருப்பங்கள் மட்டும் இருந்தால் போதும். அளவுத்திட்டம் கிடையாது, தூரத்தை இலக்கமாகப் பக்கத்தில் எழுதுவோம். அதனால் 700 மீற்றரைச் சின்னக் கோடாகவும் 60 மீற்றரைப் பெரிய கோடாகவும் கீறலாம். பகுதிப்படத்தின் முதல் சிக்கல் இங்கே இல்லை. கண் எப்போதும் கீழிருந்து மேலே போவதால் இடமும் வலமும் குழம்பாது.

இதற்கும் விலை உண்டு. கோட்டுக்கு வெளியே போய்விட்டால் படத்தில் ஒன்றுமே இல்லை. வேறு திசையால் வந்தாலும் அதே கதை. அதனால் இரண்டு திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்களென்றால் இரண்டு படம் கீற வேண்டும்.

கோட்டுக்கு வெளியே போவதைப் பெருமளவு தடுக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூன்று அடையாளம் வையுங்கள்: வருமுன் ஒன்று, திருப்பத்தில் ஒன்று, தாண்டினால் ஒன்று. மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் வான் ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடும். திருப்பத்துக்கு 100 மீற்றர் முன்னால் ஓர் அடையாளம் இருந்தால் ஒன்பது செக்கன் கிடைக்கும். வேகத்தைக் குறைக்க, சிக்னல் போட அது போதும். திருப்பத்தின் வாயில் மட்டும் அடையாளம் வைத்தால், "இதுதான்!" என்று கத்தும்போது வான் தாண்டியிருக்கும். மூன்றாவது அடையாளம் அதைவிட முக்கியம். "வெள்ளை மதகு கண்டால் தாண்டிவிட்டீர்கள், திரும்புங்கள்" என்று எழுதியிருந்தால் தவறு 80 மீற்றரோடு நின்றுவிடும். அது இல்லாவிட்டால், "இன்னும் கொஞ்சம் முன்னால இருக்கும்போல" என்றபடி சாம்பல்தீவுப் பாலம்வரை போய்விடுவார்கள்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | திருப்பப் பட்டியல் | பகுதிப்படம் | கோட்டுப்படம் |
|---|---|---|---|
| வேறு திசையால் வந்தால் | உடைந்துவிடும் | செல்லும் | இன்னொன்று கீற வேண்டும் |
| திருப்பம் தவறினால் | எங்கே பிழைத்தது என்றே தெரியாது | தானே மீளலாம் | மூன்றாவது அடையாளம் இருந்தால் மீளலாம் |
| ஓடும் வாகனத்தில் பார்க்க | வாசிக்கக் கேட்கலாம் | கடினம் | சுலபம் |
| தமிழ் வாசிக்காதவருக்கு | உதவாது | உதவும் | உதவும் |
| கீறி, அளந்து முடிக்க | சில நிமிடம் | அரை நாள் | ஒரு மணி நேரம் |

லொக்கேஷனை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. அதை அனுப்ப வேண்டாம் என்பதல்ல, கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் அது தனியே நின்று வேலையை முடிப்பதில்லை. வீட்டுக்குள் இருந்து அனுப்பினால் புள்ளியைச் சுற்றி நீல வட்டம் பெரிதாக இருக்கும், புள்ளி அடுத்த வளவுக்குள் விழும். வெளியே, வானம் தெரியும் இடத்தில் நின்று, வட்டம் சுருங்கியபின் அனுப்புங்கள். அதன் பிறகும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் ஒழுங்கை கூகுள் வரைபடத்தில் இல்லையென்றால், அதற்குத் தெரிந்த வீதிகளில் உங்கள் புள்ளிக்கு மிகக் கிட்ட உள்ள இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அது பெரும்பாலும் பின்வேலிக்கு அந்தப் பக்கம். பார்சலோடு எத்தனையோ முறை பின்வேலியில் நின்று, "அம்மா, படலை எங்க இருக்கு?" என்று கூப்பிட்டிருக்கிறேன்.

## ஒரு வீடு, உண்மையாகக் கீறிப் பார்த்தால்

மாமா வீட்டுக்குக் கடைசியில் கீறிய படத்தைக் காட்டுகிறேன். அவர்களுடைய வீடு அடையாளம் தெரியாதபடி தூரங்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

தொடக்கப் புள்ளியைத் தெரிவதுதான் முதல் வேலை. வருகிறவர் யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும், கேட்டாலும் யாரும் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் உள்ள உலகப் போர்க்கால இராணுவக் கல்லறை அப்படியான இடம். புல்வெளி, வரிசையாக ஒரே மாதிரி கற்கள், பெரிய சிலுவை. அது இடம் மாறப்போவதில்லை. கடையோ வங்கியோ வைத்தால் அடுத்த வருடம் பெயர்ப்பலகை மாறும்.

அடுத்தது அளப்பது. பெருவீதித் தூரத்தை மோட்டார் சைக்கிள் மீற்றரில் அளக்கலாம், ஆனால் அது 100 மீற்றருக்கு ஒரு முறைதான் இலக்கம் மாறும். 0.7 என்று காட்டும்போது உண்மையில் 700க்கும் 800க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். வானின் மீற்றரிலும் அதே பிழை வரும். அந்த 100 மீற்றர் சந்தேகத்தை அடையாளங்கள்தான் தீர்க்க வேண்டும்.

ஒழுங்கைக்குள் மீற்றரை நம்பாமல் நடந்து அளந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் 100 மீற்றர் ஓட்டப்பாதையில் சாதாரணமாக நடந்து காலடியை எண்ணினேன், 138 வந்தது. உங்களுக்கு வேறு எண்ணிக்கை வரும், ஒரு முறை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் கோயிலிலிருந்து கவர்ப்பாதைவரை 248 காலடி. 248ஐ 138ஆல் வகுத்தால் 1.8, அதாவது 180 மீற்றர். அங்கிருந்து பனையடிவரை 166 காலடி, 120 மீற்றர். கடைசித் துண்டு 83 காலடி, 60 மீற்றர். மணல் ஒழுங்கையில் காலடி சற்றுக் குறுகும், அதனால் போகும்போதும் வரும்போதும் எண்ணி நடுவில் ஒன்றை எடுத்தேன்.

கீழிருந்து மேலாக வாசியுங்கள்:

```
■ வீடு: வலப்பக்கம், பச்சைக் கேற்
│    (தாண்டினால்: ஒழுங்கை வேலியோடு முடியும்)
│  60 மீ
◄ இடம்: இரட்டைப் பனையடி
│  120 மீ
► வலம்: கவர்ப்பாதை, நடுவில் பொதுக்கிணறு
│  180 மீ  (கிறவல்)
◄ இடம், கடலுக்கு எதிர்ப்பக்கம்: சின்னப் பிள்ளையார்
│    (வருமுன் 100 மீ: ட்ரான்ஸ்போமர்)
│    (தாண்டினால் 80 மீ: வெள்ளை மதகு)
│  700 மீ  (தார் வீதி, நிலாவெளிப் பக்கம்)
● இராணுவக் கல்லறை வாசல்
```

இதில் 'இடப்பக்க மூன்றாவது ஒழுங்கை' என்று எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒழுங்கையை எண்ணச் சொல்வது பெரும் பிழை. உங்களுக்கு வீட்டு வாசலாகத் தெரிவது வருபவருக்கு ஒழுங்கையாகத் தெரியும், அவர் ஒன்றைக் கூட்டி எண்ணுவார். அதேபோல் வீதி தார், கிறவல், மணல் என்று மாறும் இடத்தைக் குறித்தால், இருட்டிலும் சக்கரத்தின் சத்தத்தைக் கொண்டே தெரிந்துகொள்வார்.

வடக்கிலிருந்து வருபவருக்கு இரண்டாவது படம் கீறியபோது ஒன்று தெரிந்தது. புதிய அடையாளம் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. வெள்ளை மதகு 'வருமுன்' ஆகிவிட்டது, ட்ரான்ஸ்போமர் 'தாண்டினால்' ஆகிவிட்டது, முதல் திருப்பம் மட்டும் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு எல்லாம் அப்படியே. தொடக்கப் புள்ளிக்குச் சாம்பல்தீவுப் பாலத்தை எடுத்தேன். பத்து நிமிட வேலை.

அடையாளங்களில் எது நிற்கும், எது போகும் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். கோயில், மதகு, கிணறு, ட்ரான்ஸ்போமர், பெரிய புளி, பனை ஆகியவை வருடக்கணக்கில் நிற்கும். வேலியின் நிறம், பெட்டிக்கடை, தேர்தல் சுவரொட்டி, நிறுத்தியிருக்கும் லொறி ஆகியவை நிற்காது. மார்கழி மழையில் ஒழுங்கையில் தண்ணீர் தேங்குமென்றால் அதையும் எழுதுங்கள். "தண்ணி நிக்கும், பயப்படாமல் வரலாம்" என்ற வரி இல்லாததால் ஓட்டோக்காரர் பாதியில் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

## என் தெரிவு

ஒழுங்கைக்குள் இரண்டு மூன்று திருப்பமுள்ள வீட்டுக்கு நான் தெரிவது கோட்டுப்படம்தான், ஒவ்வொரு திசைக்கும் ஒன்றாக. தாளின் ஒரு மூலையில் கடைசி 300 மீற்றருக்கு மட்டும் சின்னப் பெட்டி போட்டு, அதற்குள் பகுதிப்படத்தை வைப்பேன். அக்கம்பக்க ஒழுங்கைகளும் பின்வேலி ஒழுங்கையும் அதில் வரும், லொக்கேஷன் தவறான பக்கத்தில் விட்டாலும் அதைப் பார்த்து வந்துவிடலாம்.

பிரதான வீதியோர வீடென்றால் இவ்வளவும் தேவையில்லை, இரண்டு வரிப் பட்டியலும் லொக்கேஷனும் போதும். பல நாட்கள் தங்கி, கோணேசர் கோவில், கன்னியா என்று தாங்களாகவே சுற்றித் திரியப்போகும் விருந்தாளிகளென்றால் முழுப் பகுதிப்படமே நல்லது. அவர்கள் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பக்கத்திலிருந்து வீடு திரும்புவார்கள். இரவு ரயிலில் வந்து விடியப்புறம் இறங்கும் வயதானவருக்கு, ஓட்டோக்காரரிடம் காட்டக் கோட்டுப்படத்தைத் தாளிலேயே கொடுத்துவிடுங்கள். கிணற்றுக்கு வட்டம், கோயிலுக்கு முக்கோணம், பனைக்குப் பனை என்று சின்னமாகவே கீறுங்கள். தொடக்கப் புள்ளியின் பெயரை மட்டும் சிங்களத்திலும் யாரையாவது கேட்டு எழுதிவிடுங்கள், மற்றதெல்லாம் இலக்கம்தான்.

அனுப்புமுன் ஒரு சோதனை. அந்த ஒழுங்கைக்குள் ஒருபோதும் வராத ஒருவரிடம் படத்தைக் கொடுத்து, தொடக்கப் புள்ளியிலிருந்து வரச் சொல்லுங்கள். பின்னால் நீங்கள் போகலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது. மாமா வீட்டுப் படத்தை நண்பனின் தம்பியிடம் கொடுத்தேன். பெருவீதியில் பிழையில்லாமல் வந்தவன், கவர்ப்பாதையில் கிணற்றைக் காணாமல் நின்றுவிட்டான். கிணற்றுக் கட்டைப் பற்றை மூடியிருந்தது. எங்களுக்கு அது கிணறு என்று தெரியும், அதனால் எங்கள் கண்ணுக்குப் பற்றை தெரியவில்லை. அன்று பின்னேரமே மாமா கத்தியோடு போய்ப் பற்றையை வெட்டினார், கட்டுக்கு வெள்ளையும் அடித்தார்.